இரண்டு முறை மறுத்த இ.ஏ.விடம் மூன்றாம் முறை கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெண்டு தடவை அப்பாயின்ட்மென்ட் கேட்டேன். ரெண்டு தடவையும் முடியாதுன்னு பதில் வந்தாச்சு. இன்னொரு தடவை கேட்கலாமா, விட்டுடணுமா?

அந்த மறுப்பு யாருடையது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நான் மும்பையில் 19 வருஷம் இ.ஏ.வாக, அதாவது மேலதிகாரியின் காலண்டரையும் சந்திப்புகளையும் பார்த்துக்கொள்ளும் எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்டாக இருந்தவள். முதல் 6 வருஷம் நரிமன் பாயிண்ட், மீதி பி.கே.சி. என்கிற பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ். பெரும்பாலும் நிதித் தலைவர்களிடம், அதாவது சி.எஃப்.ஓ.க்களிடம் வேலை. என் மேஜையிலிருந்து மூன்று விதமான மறுப்புகள் போகும். ஒன்று, காலண்டரில் இடமில்லாததால் நானே சொல்லும் மறுப்பு. இன்னொன்று, இந்த மாதிரி விஷயமெல்லாம் கீழே உள்ள டீமுக்குப் போகட்டும் என்று சார் என்றைக்கோ சொல்லிவைத்ததால் நான் திருப்பிவிடுவது. மூன்றாவது, சாரிடமே கேட்டு, அவரே வேண்டாம் என்றது.

முதல் இரண்டு என்றால் தயங்காமல் மூன்றாம் முறை கேட்கலாம். முறையாகக் கேட்பவரை எந்த இ.ஏ.வும் தொல்லை என்று நினைப்பதில்லை. மூன்றாவது வகை என்றால் அதே விஷயத்தை அதே ஆளிடம் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். சார் வேண்டாம் என்றதை மறுபடி அவர் முன்னால் எடுத்துவைக்க என்னால் முடியாது. நீங்கள் வற்புறுத்தினால் அந்தச் சங்கடம் முழுவதும் என் தலையில்தான் விழும்.

ரெண்டு பதிலும் ரெண்டு வரிதான். அதை வச்சு எது எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில் வர எவ்வளவு நேரமாயிற்று என்று முதலில் பாருங்கள். பத்து நிமிஷத்தில் வந்திருந்தால் சாரிடம் கேட்கவில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். இ.ஏ. தானே அனுப்பிய பதில் அது. இரண்டு மூன்று நாள் கழித்து, அதுவும் வியாழன் மாலையிலோ வெள்ளியிலோ வந்திருந்தால் கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். வார இறுதிக்கு முன்னால் சாரும் இ.ஏ.வும் ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்து அடுத்த வாரக் காலண்டரைப் பார்ப்பது பல அலுவலகங்களில் வழக்கம். நிலுவையில் இருக்கும் கோரிக்கைகளை அப்போது ஒவ்வொன்றாக வாசிப்போம். ஒரு கோரிக்கைக்கு ஒரு வரி, அவ்வளவுதான் நேரம். அவர் சரி என்பார், வேண்டாம் என்பார், அல்லது வேறொருவர் பெயரைச் சொல்வார்.

அடுத்து வார்த்தைகள். ‘இந்த மாதம் காலண்டர் நிறைந்துவிட்டது’ என்பதில் ‘இந்த மாதம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். காலம் குறிப்பிட்ட மறுப்பு அந்தக் காலத்துக்கு மட்டும்தான். ‘டீமைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்றால் கதவு வேறு பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். ‘இப்போதைக்கு இதில் எங்களுக்கு ஆர்வமில்லை’ என்று ‘எங்களுக்கு’ போட்டு வந்தால் அது மேலிருந்து வந்த தீர்ப்பு.

இது எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். மென்மையாக மறுக்க விரும்பும் மேலதிகாரிகள், ‘காலண்டர் இல்லை என்று சொல்லிவிடு’ என்பார்கள். சந்தேகமாக இருந்தால் நேரடியாகக் கேட்பதே நல்லது: “இது நேரம் சம்பந்தப்பட்டதா, அல்லது இந்த விஷயமே அவருக்குத் தேவைப்படவில்லையா? இரண்டாவது என்றால் உங்களை மேலும் தொந்தரவு செய்ய மாட்டேன்.” இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் உண்மையான பதிலே கொடுத்திருக்கிறேன். கேட்டவர்தான் மிகக் குறைவு.

மூணாவது மெயிலுக்கு எவ்வளவு நாள் இடைவெளி விடணும்? ஒரு வாரம் போதுமா?

நாளை எண்ணுவதைவிட அந்த நிறுவனம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நான் அறிந்த சி.எஃப்.ஓ. அலுவலகத்தை வைத்தே சொல்கிறேன்.

பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 45 நாளுக்குள் நிதி முடிவுகளை வெளியிட வேண்டும் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. முழு ஆண்டுக் கணக்குக்கு 60 நாள். அதன்படி கடைசித் தேதிகள் ஆகஸ்ட் 14, நவம்பர் 14, பிப்ரவரி 14, மே 30. பல பெரிய நிறுவனங்கள் இதற்கு வெகு முன்பே முடித்துவிடும். அந்த முடிவு நாளுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் சி.எஃப்.ஓ.வின் காலண்டரில் ஆடிட்டர், தணிக்கைக் குழு, இயக்குநர் குழு என்று அடுக்கியிருக்கும். முடிவு வந்த அன்றோ மறுநாளோ முதலீட்டாளர்களுடன் கான்ஃபரன்ஸ் கால். அந்த நாட்களில் வரும் எந்தப் புதிய கோரிக்கையும் படிக்கப்படாமலே தள்ளிப்போகும்.

முடிவுகளுக்கான இயக்குநர் குழுக் கூட்டம் எந்தத் தேதியில் என்று நிறுவனம் பங்குச்சந்தைக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பி.எஸ்.இ., என்.எஸ்.இ. இணையதளங்களில் அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இருந்தும் ஜூலை மூன்றாம் வாரம் ‘ஒரு அரை மணி நேரம்’ கேட்டு வரும் மெயில்களுக்குக் குறைவே இருந்ததில்லை. அந்தத் தேதியைப் பாருங்கள், அதற்குப் பிறகு நாலைந்து வேலை நாள் விடுங்கள், பிறகு எழுதுங்கள். முதல் இரண்டு முறையும் நீங்கள் தப்பான வாரத்தில் கேட்டிருந்தால் இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கலாம்.

மார்ச் கடைசி இரண்டு வாரமும் ஏப்ரல் முழுதும் வேண்டாம். மும்பையில் கணபதி நாட்களும் தீபாவளி வாரமும் அப்படியே. பட்டியலிடாத நிறுவனம் என்றால் இந்தத் தேதிகள் பொருந்தாது. அங்கே இரண்டாவது மறுப்புக்குப் பிறகு மூன்று நாலு வாரம் விடுங்கள்.

மூணாவது மெயில்ல என்ன எழுதணும்? ஒரு உதாரணம் காட்டினா நல்லா இருக்கும்.

செம்பூரில் எங்கள் குடும்ப நண்பரின் மகன் ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறான். பெரிய கம்பெனிகளின் கொள்முதல் கணக்கையும் ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் GSTR-2B அறிக்கையையும் ஒப்பிட்டு, சப்ளையர்கள் காட்டாமல் விட்ட பில்களைப் பிடித்துக் கொடுக்கும் வேலை. அந்தப் பில்கள் விட்டுப்போனால் கம்பெனிக்கு வர வேண்டிய உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளும் வசதி, நின்றுபோகும், அதனால் உண்மையிலேயே பயனுள்ள விஷயம். ஒரு பட்டியலிட்ட நிறுவனத்தின் சி.எஃப்.ஓ.வைப் பார்க்க முயன்று இரண்டு முறை மறுக்கப்பட்ட பிறகு என்னிடம் வந்தான். இரண்டு மெயிலையும் வாங்கிப் படித்தேன்.

முதலாவது ஜூலை 3 அன்று போயிருந்தது. 45 நிமிஷம் கேட்டிருந்தான். கூடவே கனமான ஒரு பிரசென்டேஷன். என்ன விஷயம் என்பதே நாலாவது பத்தியில்தான் வந்தது. ‘ஜூலையில் காலண்டர் நிறைந்துவிட்டது’ என்று அரை மணி நேரத்தில் பதில். இரண்டாவதை ஜூலை 10 அன்று அனுப்பினான், 30 நிமிஷம் கேட்டு. இந்த முறை சி.எஃப்.ஓ.வையும் நகலில் சேர்த்துவிட்டான். எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம் அதுதான். இ.ஏ. ஒருமுறை மறுத்த விஷயத்தில் அவர் மேலதிகாரியை நகலில் சேர்ப்பது, ‘நீ சரியாக வேலை செய்யவில்லை’ என்று அவர் முன்னாலேயே புகார் சொல்வதற்குச் சமம். ஆனாலும் அந்த அம்மா பொறுமையானவர். ‘இதற்கு வரிப் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்று எழுதியிருந்தார்.

அவன் அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு சோர்ந்துபோயிருந்தான். எனக்கு அது வழிகாட்டலாகவே பட்டது. இப்படிப்பட்ட விஷயத்தை சி.எஃப்.ஓ. தன்னந்தனியாக முடிவு செய்ய மாட்டார். வரிப் பிரிவுத் தலைவரைத்தான் கேட்பார். அதனால் மூன்றாவது மெயிலை உடனே அனுப்ப விடவில்லை. முதலில் இ.ஏ.வுக்கு இரண்டே வரி எழுதச் சொன்னேன்: ‘வழி சொன்னதற்கு நன்றி. வரிப் பிரிவில் யாருக்கு எழுதுவது சரியாக இருக்கும்? சாரை நகலில் சேர்த்தது என் தவறு, இனி அப்படி நடக்காது.’ அன்று மாலையே ஒரு பெயர் வந்தது.

வரிப் பிரிவுக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. GSTR-2B மாதாமாதம் 14 அன்று உருவாகும். அந்த மாத வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் GSTR-3B படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 20. இடைப்பட்ட ஆறு நாளில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்தத் தொழிலிலேயே இருக்கும் பையனுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருந்தது. ஜூலை 22 அன்று அவர்களைச் சந்தித்தான். ஒரே ஒரு மாநிலப் பதிவு, ஒரே ஒரு மாத அறிக்கை, அதை மட்டும் இலவசமாக ஒப்பிட்டுக் காட்டினான். விட்டுப்போன பில்கள் கிடைத்தன. இதை சி.எஃப்.ஓ.விடம் சேர்ந்து பேசலாம் என்று வரிப் பிரிவுத் தலைவரே சொன்னார்.

நிறுவனத்தின் காலாண்டு முடிவு ஜூலை 29 அன்று வந்தது. மூன்றாவது மெயில் ஆகஸ்ட் 5 அன்று, காலை பதினொன்றரைக்குப் போயிற்று. ஆங்கிலத்தில் போனதை இங்கே தமிழில் தருகிறேன்:

“வணக்கம் மேடம். ஜூலை 10 அன்று நீங்கள் சொன்னபடி வரிப் பிரிவுத் தலைவரைச் சந்தித்தேன். ஒரு மாதக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தோம். முடிவைச் சாருடன் 15 நிமிஷம் பேசலாம் என்று அவர் சொல்கிறார், அவரும் கூட இருப்பார். ஆகஸ்ட் 7 முதல் 29 வரை எந்த நாளும் எங்களுக்குச் சரி. சார் காரில் போகும்போது போனில் பேசினாலும் போதும். இந்த மாதம் வசதிப்படாவிட்டால் வரிப் பிரிவுடனேயே வேலையைத் தொடர்கிறேன். சாரிடம் காட்ட ஒரு வரி: ஒரு மாநிலத்தின் ஜூன் மாதக் கணக்கில் விட்டுப்போன வரி வரவைக் கண்டுபிடித்திருக்கிறோம், மற்ற மாநிலங்களுக்கும் செய்ய அனுமதி தேவை.”

இணைப்பு எதுவும் இல்லை. நகலில் வரிப் பிரிவுத் தலைவர் மட்டும், அதுவும் அவரிடம் கேட்டுக்கொண்டு. அந்தக் கடைசி வரிதான் வெள்ளிக்கிழமை மாலை அப்படியே வாசிக்கப்படும். எழுதித் தராவிட்டால் உங்கள் விஷயத்தைச் சுருக்கும் வேலையும் இ.ஏ.வின் தலையில் விழும். அதற்கு நேரமில்லாமல் மெயில் கீழே போய்விடும். ஒற்றைத் தேதி கேட்காமல் மூன்று வாரம் அகலமாகக் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. குறிப்பிட்ட நாள் கேட்டால் ‘இல்லை’ என்பது சுலபம். அகலமாகக் கொடுத்தால் யாராவது ஒரு மீட்டிங்கை ரத்து செய்யும்போது அந்த இடத்தில் உங்களை வைக்கலாம்.

கிடைத்தது என்னவோ மீட்டிங் அல்ல. ஆகஸ்ட் 19 அன்று பி.கே.சி.யிலிருந்து விமான நிலையம் போகும் வழியில் 12 நிமிஷப் போன். வேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

மெயிலுக்குப் பதிலே வரலைன்னா போன் பண்ணலாமா? வாட்ஸ்அப்?

ஐந்து வேலை நாள் பொறுத்து, ஒரே ஒரு தடவை, அலுவலக எண்ணுக்கு. காலை ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை இ.ஏ.வின் கையில் நாலு வேலை இருக்கும். பதினொன்றரைக்கு மேல், அல்லது மதியம் நாலு மணி சுமார் நல்ல நேரம். ஆறு மணிக்கு அழைக்கவே அழைக்காதீர்கள். பி.கே.சி.யிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து பாந்த்ரா ஸ்டேஷன் போய், உட்கார இடம் கிடைக்கும் ட்ரெயினைப் பிடிக்க ஓடும் நேரம் அது. அப்போது வரும் போனை எடுத்த கோபம் மறுநாள்வரை இருக்கும்.

எடுத்ததும், “மேடம், ஒரு நிமிஷம் பேசலாமா?” என்று கேளுங்கள். “5 ஆம் தேதி மெயில் அனுப்பியிருந்தேன். இப்போது முடிவு வேண்டாம், உங்கள் கைக்கு வந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும்” என்று சொல்லி முடித்துவிடுங்கள். அந்த அழைப்பில் விஷயத்தை விளக்க ஆரம்பிக்கக் கூடாது.

வாட்ஸ்அப்பை அவர்கள் முதலில் பயன்படுத்தினால் ஒழிய நீங்கள் தொடாதீர்கள். மெயிலின் அடியில் மொபைல் எண் இருப்பது சார் பயணத்தில் இருக்கும்போது டிரைவரும் ஹோட்டலும் அழைப்பதற்காக.

சாருக்கே லிங்க்ட்இன்ல நேரா மெசேஜ் போட்டா சுலபமா முடியாதா?

என்ன நடக்கும் என்று சொல்கிறேன். அவர் அந்தச் செய்தியைப் படமெடுத்து, ‘பாருங்கள்’ என்ற ஒரு சொல்லோடு இ.ஏ.வுக்கு அனுப்புவார். அது திரும்ப என் மேஜைக்கே வரும், இந்த முறை என்னைத் தாண்டிப் போன ஆள் என்ற அடையாளத்தோடு. அவரை முன்பே உங்களுக்குத் தெரியும் என்றால் எழுதலாம். அப்போதும் இ.ஏ.வுக்கு முதலில் சொல்லிவிடுங்கள்: ‘சாரை நேற்று ஒரு கூட்டத்தில் பார்த்தேன், உங்களோடு நேரம் குறிக்கச் சொன்னார்.’

அது உண்மையாக இருக்க வேண்டும். ஒருவர் என்னிடம் அப்படிச் சொல்லி நேரம் வாங்கினார். சார் அவரை முன்பின் பார்த்ததே இல்லை என்று மீட்டிங்கில் தெரிந்தது. சார் என்னைத் திட்டவில்லை, ஆனால் அடுத்த சில மாதம் நான் குறித்த ஒவ்வொரு சந்திப்பையும் ‘இது யார்?’ என்று கேட்டார். அந்த வலி எனக்கு இன்னும் இருக்கிறது. அந்த மனிதரின் நிறுவனத்திலிருந்து வந்த எந்தக் கோரிக்கையையும் அதன்பிறகு நான் சாரிடம் கொண்டுபோகவில்லை.

அவங்க தமிழ்க்காரங்கன்னு பேரைப் பார்த்தாலே தெரியுது. தமிழ்ல பேசினா உதவுமா?

டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் படித்துவிட்டு தாதரில் வந்து இறங்கிய தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த வேலையில் இன்றும் நிறையப் பேர் உண்டு. பேச ஆசை வருவது இயற்கைதான். ஆனால் மறுப்புக்குப் பிறகு தமிழுக்கு மாறினால், ‘நம்ம ஊர்க்காரர், மறுக்க மாட்டார்’ என்று கணக்குப் போட்டதாகத் தோன்றும். பக்கத்து மேஜைக்காரர்கள் காதில் விழுந்தால் இன்னும் சங்கடம். வேலை விஷயத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ, அவர்கள் எதில் தொடங்கினார்களோ அதிலேயே முடியுங்கள். அவர்களாகத் தமிழுக்கு வந்தால் நீங்களும் வாருங்கள். அப்போதும் ‘மேடம்’தான். முதல் பேச்சிலேயே ‘அக்கா’ வேண்டாம். மாட்டுங்காவில் கோவிலில் எதிரில் பார்த்தால் விசாரியுங்கள், அப்பாயின்ட்மென்ட் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.

தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பலாமா?

கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது வேண்டாம். பல நிறுவனங்களில் வெளியாட்கள் தரும் பரிசைப் பதிவு செய்ய வேண்டும் அல்லது திருப்பியனுப்ப வேண்டும். அந்த வேலையும் கடைசியில் இ.ஏ.வுக்குத்தான் வரும்.

மூணாவது தடவையும் முடியாதுன்னுட்டாங்க. இப்ப?

அன்றே பதில் எழுதுங்கள், மூன்று வரிக்குள். ‘விசாரித்துச் சொன்னதற்கு நன்றி. இந்த விஷயத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் ஏதாவது மாறினால் மட்டும் எழுதுவேன்.’ அதன்பிறகு மாற்றம் என்று ஒன்று உண்மையிலேயே நடக்கும்வரை எழுதாதீர்கள். புது விதி ஒன்று வந்து அவர்களைப் பாதிக்கிறது, அவர்களே பொதுவில் அறிவித்த ஒரு திட்டத்துக்கு உங்கள் வேலை பொருந்துகிறது, சி.எஃப்.ஓ.வே மாறிவிட்டார், இதெல்லாம் மாற்றம். ‘சும்மா நினைவூட்டலாம் என்று’ எழுதுவது மாற்றமில்லை.

சி.எஃப்.ஓ. மாறினாலும் இ.ஏ. பெரும்பாலும் அங்கேயே இருப்பார். புதிதாக வந்தவருக்கு யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று தெரியாது, எனக்குத் தெரியும். மூன்றாவது மறுப்பை நல்லபடியாக ஏற்றுக்கொண்ட ஒருவரை ஒன்றரை வருஷம் கழித்து நானே அழைத்து, ‘இப்போது எழுதுங்கள்’ என்று சொன்னதுண்டு.

நேரம் கிடைச்சுது. ஆனா அன்னைக்குக் காலையில கேன்சல் பண்ணிட்டாங்க. இதுவும் ஒரு மறுப்பா?

இல்லை, உங்கள் பெயர் இப்போது பட்டியலில் இருக்கிறது. சந்திப்பு ரத்தானால் அதற்கு மாற்றுத் தேதி பார்ப்பது இ.ஏ.வின் பொறுப்பு, அவருக்கே அது உறுத்தும். ‘பரவாயில்லை மேடம், அடுத்த இரண்டு வாரத்தில் எப்போது வசதியோ அப்போது’ என்று எழுதுங்கள். நீங்கள் ஏற்கெனவே பி.கே.சி. வந்து சேர்ந்துவிட்டாலும் அதை எழுத வேண்டாம், ரிசப்ஷனில் இருப்பவருக்குத் தெரிந்தால் போதும், அவர்கள் சொல்லிவிடுவார்கள். பத்து வேலை நாளில் தேதி வராவிட்டால் பழைய அழைப்பிதழுக்கே பதிலாக ஒரு வரி போடுங்கள். புது மெயில் தொடங்கினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். பழைய அழைப்பிதழ் என்றால் அதைத் திறந்து தேதியை மட்டும் மாற்றினால் முடிந்துவிடும்.